நடுக்கடலில் தீ

கப்பலில் தீப்பிடித்தால் மாலுமிகள்தான் தீயணைப்பு வீரர்கள். அதற்காகவே மாதம் ஒருமுறையாவது ஒத்திகை கட்டாயம்.

சரக்கறையில் புகை தெரிந்தால் முதலில் காற்றுவழிகளை அடைப்பார்கள். தலையெண்ணி, உள்ளே யாருமில்லை என்று உறுதியான பிறகே கரியமில வாயுவைத் திறப்பார்கள். சிக்கியவர் மூச்சுத் திணறி இறந்துவிடுவார். வாயு தீயை அமுக்கும், இரும்பைக் குளிர்விக்காது. எனவே சுற்றுச்சுவர்களிலும் மேல்தளத்திலும் கடல்நீரை விடாமல் அடிக்க வேண்டும். பெயின்ட் கொப்பளிக்கிறதா, பட்ட தண்ணீர் உடனே ஆவியாகிறதா என்று பார்த்தால் தீ எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும். பொறுமையிழந்து மூடியைத் திறந்தால் காற்று புகுந்து மறுபடி மூளும்.

ஆனால் எல்லாத் தீயும் காற்றை நம்பி எரிவதில்லை.

2018 மார்ச் 6 அன்று அரபிக்கடலில் 'மேர்ஸ்க் ஹோனாம்' கொள்கலன் கப்பலின் மூன்றாம் சரக்கறையில் தீ மூண்டது. வாயுவைத் திறந்தும் அடங்கவில்லை. அங்கே ஏற்றியிருந்த கிருமிநாசினி ரசாயனத்தின் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அது சிதையத் தொடங்கினால் தானே வெப்பத்தைக் கக்கும். காற்றை அடைத்தாலும் நிற்காது. தங்குமிடத்துக்குள் புகை சூழ்ந்தது. 27 பேரில் 5 பேர் இறந்தார்கள். மற்றவர்களை வழியில் வந்த இன்னொரு சரக்குக் கப்பல் மீட்டது.

அதன் பிறகு அந்த நிறுவனம், ஆபத்தான சரக்கைத் தங்குமிடத்தின் அருகே அடுக்குவதை நிறுத்தியது.