கோட் ஃப்ரீஸும் பொங்கல் லீவும்

அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் ஆண்டின் பெரிய விற்பனை நவம்பர் இறுதியில் வரும் 'பிளாக் ஃபிரைடே' அன்று தொடங்கி கிறிஸ்துமஸ் வரை நீடிக்கிறது. அந்த வாரங்களில் பணம் செலுத்தும் பக்கம் சிறிது நேரம் முடங்கினாலும் இழப்பு பெரிது. அதனால் பல நிறுவனங்கள் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை தங்கள் மென்பொருளில் புதிய மாற்றங்களை அனுமதிப்பதில்லை. இதுவே 'கோட் ஃப்ரீஸ்'. அவசரப் பிழைதிருத்தம் மட்டும் தனி ஒப்புதலோடு உள்ளே போகும்.

ஃப்ரீஸ் காலத்தில் லீவு எளிதில் கிடைக்கும். சிக்கல் அதன் இரு ஓரங்களிலும்தான். ஃப்ரீஸ் தொடங்குமுன் முடித்தாக வேண்டிய ரிலீஸ் பல ஆண்டுகளில் தீபாவளியை ஒட்டி வருகிறது. ஃப்ரீஸின்போது எழுதித் தேங்கிய மாற்றங்கள் வெளியாவதோ பெரும்பாலும் பொங்கல் வாரத்தில். இந்நிறுவனங்களுக்காகச் சென்னையில் வேலை செய்யும் பொறியாளர் ஊருக்குப் போகக் கேட்கும் நாட்களும் அவையே.

2026-ஐ எடுத்துக்கொள்வோம். பொங்கல் ஜனவரி 15, வியாழன். ரிலீஸ் 17ஆம் தேதி சனிக்கிழமை, நியூயார்க் நேரப்படி இரவு 10 மணி என்றால், இந்தியாவில் ஞாயிறு காலை 8.30. அந்த நேரத்தில் பொறியாளர் ஊரில் இருப்பார். "14 முதல் 18 வரை லீவு வேண்டும்" என்று மட்டும் எழுதினால் மேலாளர் தயங்குவார். ரிலீஸை யார் பார்ப்பார், கெட்டுப்போனால் யார் பழைய நிலைக்குத் திருப்புவார் என்பதும் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். ஃப்ரீஸுக்குப் பிந்தைய ரிலீஸ் தேதி முன்பே திட்டமிடப்படுவதால், டிசம்பர் தொடக்கத்திலேயே இதைக் கேட்டுவிடலாம்.

பொறுப்பேற்கும் சக ஊழியருக்குப் பெரும்பாலும் குறைவது அறிவு அல்ல, அனுமதி. நேரடிப் பயன்பாட்டில் உள்ள சர்வருக்குள் நுழையும் உரிமை கிடைக்கச் சில நாட்கள் ஆகலாம். அது ரிலீஸ் அன்று தெரியவந்தால், கடவுச்சொல்லைக் கேட்டு ஊருக்கு ஃபோன் வரும். அதைச் சொல்வது பாதுகாப்பு விதிமீறல். எனவே உரிமை முன்னதாகவே அவர் பெயரில் வாங்கப்பட வேண்டும்.

அடுத்தது, மாற்றத்தையே பிரித்து அனுப்புவது. தகவல்தளத்தில் புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்ப்பது பெரும்பாலும் ஆபத்தற்றது. பழைய நிரல் அதைக் கண்டுகொள்ளாமல் இயங்கும். பழைய நெடுவரிசையை நீக்கினால், நிரலை மட்டும் திருப்பிப் பயனில்லை. தகவலையும் பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும். ஆகவே சேர்ப்பது 17ஆம் தேதி ரிலீஸில் போகலாம். நீக்குவது பொறியாளர் திரும்பிய பின் வரும் ரிலீஸுக்குக் காத்திருக்கலாம்.

ஒப்படைப்பு சரியா என்பதை ஓர் ஒத்திகை காட்டிவிடும். சோதனைச் சூழலில் சக ஊழியர் குறிப்பை மட்டும் வைத்து ரிலீஸையும் ரோல்பேக்கையும் செய்கிறார். எழுதியவர் பேசாமல் பார்க்கிறார். அவர் நின்று கேள்வி கேட்கும் ஒவ்வோர் இடமும் குறிப்பில் விடுபட்ட வரி. கேள்வியின்றி முடித்துவிட்டால் லீவை மறுக்க மேலாளருக்குக் காரணம் மிஞ்சாது.