புள்ளியைத் தவறவிட்டால் சுகர் இறங்கிவிடும்

பேரனைப் பார்க்கக் கோலாலம்பூர் போன என் அத்தை, அங்கிருந்து போனில் குதூகலமாகச் சொன்னார்: "வெறும் வயித்துல நூத்தி நாலுதான்டா. ஊர் மாறினதும் சுகர் தானா இறங்கிடுச்சு." மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். திரையில் இருந்தது 104 இல்லை, 10.4. கண்ணாடி போடாமல் பார்த்ததில் புள்ளி தப்பிவிட்டது. பக்கத்தில் பொடி எழுத்தில் mmol/L என்றும் இருந்தது.

நம் ஊர் லேப்களில் சர்க்கரையை எடையாகச் சொல்கிறார்கள். ஒரு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லியில், எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்பது கணக்கு. அதைத்தான் mg/dL என்று அச்சடிக்கிறார்கள். அமெரிக்காவிலும் இதே வழக்கம். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று பார்க்கிறார்கள். மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அளவு. அரிசியை நிறுத்தும் சொல்லலாம், பொறுமை இருந்தால் மணி மணியாக எண்ணியும் சொல்லலாம் அல்லவா, அதுபோலத்தான்.

இரண்டையும் இணைக்கும் எண் 18. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள். அவற்றின் எடை முறையே 72, 12, 96, கூட்டினால் 180. ஆகவே ஒரு மில்லிமோல் குளுக்கோஸ் 180 மில்லிகிராம் இருக்கும். அது ஒரு லிட்டரில் கரைந்திருந்தால், லிட்டரில் பத்தில் ஒரு பங்கான டெசிலிட்டரில் 18 மில்லிகிராம்தானே இருக்கும்?

பதினெட்டால் மனக்கணக்காகப் பெருக்குவது சிரமம். இருபதால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். அத்தையின் 10.4 இருபதால் பெருக்கினால் 208. அதில் 21 போக 187. வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்பது அளவுகோல். மலேசியக் கணக்கில் அது 7.0. நம் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்குப் போக, பாதியாக்கி ஒன்பதால் வகுத்தால் போதும். 180 பாதியானால் 90, ஒன்பதால் வகுத்தால் 10.

நம் ஊர் மீட்டரில் புள்ளியே வராது, முழு எண்தான். புள்ளி தெரிந்தால் அது மில்லிமோல். இதில் குழம்புவது அத்தை மட்டுமல்ல. சில மீட்டர்களில் அலகு தெரியாமலே மாறிவிடக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2005-இல் எச்சரித்தது. எனவே நோட்டில் எண்ணோடு அலகையும் எழுதிவையுங்கள். எண்ணை மட்டும் பார்க்கும் டாக்டர் 104-ஐ நம்பி மாத்திரையைக் குறைத்துவிட இடமுண்டு.

இன்னொன்று: 18 குளுக்கோஸுக்கு மட்டும்தான். அதே ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் 5 மில்லிமோல் என்றிருந்தால் அதை 90 என்று எண்ணிவிடாதீர்கள். கொலஸ்ட்ராலின் மூலக்கூறு இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. அதற்குப் பெருக்க வேண்டியது 38.67. விடை 193.