பாக்கெட்டைப் பார்த்து அப்படியே போட்டுவிட்டால்…

1961-இல் பார்லே நிறுவனத்தின் பார்வைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்தது. போட்டவர்கள் மைசூரைச் சேர்ந்த ஜே.பி. அண்ட் கோ. பார்லேயின் குளுக்கோ பிஸ்கட் உறையில் அன்று ஒரு பண்ணை வீடும் மரங்களும் பின்னணியில் இருக்கும். நடுவே தண்ணீர் வாளியோடு ஒரு பெண், அவளைச் சுற்றி மாடுகளும் கோழிகளும். மைசூர்க்காரர்களின் உறையிலும் பெண் உண்டு, ஆனால் அவள் தலையில் வைக்கோல் கட்டு, கையில் அரிவாள். மாடுகளும் கோழிகளும் அங்கேயும் நின்றன. மாவட்ட நீதிமன்றம் இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசங்களைக் கணக்கிட்டு, பார்லேயின் வழக்கைத் தள்ளிவிட்டது. உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. 1972-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவைப் புரட்டிப்போட்டது. கடைக்கு வருகிறவர் இரண்டு பாக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதில்லை. முன்பு வாங்கியதன் மங்கலான நினைவோடுதான் வருகிறார், அந்த நினைவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் போதும் என்றது.

சிறு தொழில் செய்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டதும் நிம்மதி அடைகிறார்கள். பெயர் வேறாக இருந்தாலும் உறையைக் காப்பியடித்தவரைத் தடுக்க முடியும் என்பது உண்மைதான். நிறமும் படமும் எழுத்தும் வடிவமும் சேர்ந்த மொத்தத் தோற்றத்தை வக்கீல்கள் ‘டிரேட் டிரெஸ்’ என்கிறார்கள். அதைப் பதிவு செய்யாதிருந்தாலும், ‘பாசிங் ஆஃப்’ என்ற வகையில் வழக்குப் போட வழி இருக்கிறது. தன் சரக்கை உங்கள் சரக்கென்று நம்பவைத்து ஒருவர் விற்கிறார் என்பதுதான் அந்த வழக்கின் சாரம். ஆனால் இரண்டு பாக்கெட்டும் ஒன்றுபோல இருக்கின்றன என்று காட்டினால் மட்டும் வழக்கு நிற்காது. அந்தத் தோற்றத்தைப் பார்த்தாலே ஜனங்கள் உங்களை நினைக்கிறார்கள் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பெரிய நிறுவனங்களே சறுக்கியிருக்கின்றன. ஐ.டி.சி. 2016 பிப்ரவரியில் சன்ஃபீஸ்ட் ஃபார்ம்லைட் என்ற டைஜஸ்டிவ் பிஸ்கட்டை மஞ்சளும் நீலமும் கலந்த உறையில் இறக்கியது. சில மாதங்களில் பிரிட்டானியாவும் நியூட்ரிசாய்ஸ் பிஸ்கட் ஒன்றை அதே இரு நிறங்களில் கொண்டுவந்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை கொடுத்தார். 2017 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. அவ்வளவு குறுகிய காலத்தில் அந்த நிறக் கூட்டணி ஐ.டி.சி.யின் அடையாளமாக மக்கள் மனதில் பதிந்துவிட்டது என்று ஏற்க முடியாது என்பது காரணம். கெல்லாக்ஸ் கதை வேறு. கார்ன் ஃப்ளேக்ஸ் அட்டைப்பெட்டி ஒன்றுபோல இருக்கிறது என்று 1990-களில் போட்ட வழக்கில் அதற்குத் தடை கிடைக்கவில்லை. எதிராளியின் பெட்டியில் அவருடைய பெயர் பெரிதாக, தெளிவாக இருந்தது. வாங்குகிறவர் ஏமாற மாட்டார் என்று நீதிமன்றம் கருதியது.

இனி நம் ஊர் நிலைமைக்கு வருவோம். திருநெல்வேலியில் சுக்குமல்லி காபித் தூள் தயாரிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆறு வருடமாக விற்கிறார்கள். இந்தத் தூளை எல்லோரும் பழுப்பு நிறக் கவரில் போடும்போது இவர்கள் மட்டும் கருநீலக் கவரில், குறுக்கே எலுமிச்சை மஞ்சள் பட்டை ஓட, கீழே பித்தளை டபரா செட் படத்தோடு போடுகிறார்கள். ஒருநாள் ஸ்டாக்கிஸ்ட் போன் செய்து, மதுரையிலிருந்து இதேபோல ஒரு கவர் வந்திருக்கிறது, பெயர்தான் வேறு, கடைக்காரர்களே மாற்றி எடுத்துக் கொடுக்கிறார்கள் என்கிறார்.

முதல் வேலை, கடையில் அதை வாங்குவது. பில்லோடு, இரண்டு மூன்று ஊர்களில். பில் தராத கடை என்றால் ஆன்லைனில் பணம் செலுத்திய பதிவாவது இருக்க வேண்டும். ரேக்கில் இரண்டும் அருகருகே இருப்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். கவரின் பின்பக்கத்தில் தயாரிப்பாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரிப்புத் தேதி எல்லாம் இருக்கும். போட்டியாளர் எப்போதிலிருந்து விற்கிறார் என்பதற்குத் தேதிதான் சாட்சி. மாற்றி எடுத்துக் கொடுத்த கடைக்காரர் ஒருவர் அதை எழுத்தில் சொல்லத் தயாராக இருந்தால், அது ஐம்பது போட்டோக்களைவிட வலுவான சாட்சி.

அடுத்தது தன் பக்கத்துக் காகிதங்கள். இந்தக் கவரில் விற்ற முதல் பில் எது? கவர் அச்சடித்த கம்பெனியின் பழைய பில்கள், அன்று டிசைனுக்கு ஒப்புதல் சொன்ன மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப் பதிவு, வருடவாரியாக இந்தச் சரக்கு எவ்வளவு விற்றது, விளம்பரத்துக்கு எவ்வளவு செலவானது என்று ஆடிட்டர் தரும் சான்று, உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரம், கண்காட்சியில் கடை போட்ட போட்டோ. ஆறு வருடப் பெயரை நீதிபதி இந்தத் தாள்களில்தான் பார்ப்பார். நடுவில் கவரை இரண்டு முறை மாற்றியிருந்தால், எந்தத் தோற்றத்துக்கு எத்தனை வருடம் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். பழைய கவரின் வருடங்கள் புதிய கவருக்கு அப்படியே சேராது.

பிறகு, எதைக் கேட்பது என்ற கேள்வி. நீலம் எங்களுடையது என்று கேட்டால் தோற்பார்கள். டபரா செட் படம் எங்களுடையது என்றாலும் அப்படியே, காபி சம்பந்தப்பட்ட சரக்கில் டபரா போட யாருக்கும் உரிமை உண்டு. சுக்குமல்லித் தூளுக்குப் பழக்கமில்லாத கருநீலம், அதன்மேல் மஞ்சள் பட்டை ஓடும் கோணம், எழுத்து நிற்கும் இடம், படத்தின் இடம், எல்லாம் சேர்ந்த அந்தக் கூட்டைத்தான் கேட்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை என்ற பல்பொடி டப்பாத் தோற்றத்துக்காக 2003-இல் ஆங்கருக்கு எதிராகக் கோல்கேட் தடை வாங்கியது. வெறும் சிவப்பைக் கேட்டு அது வரவில்லை. இதே காரணத்தால், மஞ்சள்தூளுக்கு மஞ்சள் கவரும் புதினாவுக்குப் பச்சைக் கவரும் போட்டவர் போட்டியாளர் மேல் கோபப்படுவதில் பயனில்லை. அங்கே செலவழிக்கும் பணத்தைக் கவரை மாற்றுவதில் செலவழிக்கலாம்.

இந்த இடத்தில் பலரும் உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுகிறார்கள். அதில் ஒரு ஆபத்து உண்டு. நோட்டீஸ் கிடைத்ததும் எதிராளி நீதிமன்றத்தில் கேவியட் போட்டுவைக்கலாம். தன்னைக் கேட்காமல் தடை கொடுக்கக் கூடாது என்ற அந்த மனு 90 நாள் செல்லும். அதற்குள் கிடங்கில் இருக்கும் சரக்கை விற்றுத் தீர்த்துவிடவும் கணக்குகளை ஒளித்துவைக்கவும் அவருக்கு நேரம் கிடைக்கிறது. ஆகவே எதிராளி யார் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நிலையான முகவரியும் காப்பாற்ற வேண்டிய பெயரும் உள்ள ஒரு நிறுவனம் என்றால் நோட்டீஸ் போதும். பாதிப் பிரச்சினைகள் அதிலேயே முடிகின்றன. மாதம் ஒரு பெயரில் சரக்குப் போடுகிறவர் என்றால் நேராக நீதிமன்றம் போவதே நல்லது. எதிராளியைக் கேட்காமலேயே இடைக்காலத் தடை கொடுக்கவும், வக்கீல் கமிஷனரை அனுப்பிக் கிடங்கில் உள்ள கவர்களைக் கணக்கெடுத்து முத்திரையிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வணிக வழக்குகளில் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும் என்ற விதி உண்டு, அவசரத் தடை கேட்கிறவருக்கு அதிலிருந்து விலக்கு கிடைக்கும். அவசரம் என்று சொல்கிறவர் ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு வந்திருக்கக் கூடாது. தெரிந்தும் காத்திருந்த ஒவ்வொரு மாதமும் எதிராளிக்குச் சாதகமாகச் சேரும்.

கோபத்தில் இன்னொன்றும் நடக்கிறது. கடைகளுக்கு, “அது போலி, அதை வைத்தால் உங்கள் மேலும் வழக்கு வரும்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். ஆதாரமில்லாத மிரட்டல் என்று அதன்மேலேயே எதிராளி வழக்குப் போட முடியும். “எங்கள் கவர் இது, பெயரைப் பார்த்து வாங்குங்கள்” என்று தன் சரக்கைப் பற்றி மட்டும் சொல்வதில் தவறில்லை.

லேபிள் முழுவதையும் வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்திருந்தால் இத்தனையும் எளிதாகும். பதிவுரிமை மீறலுக்கான வழக்கைத் தன் தொழில் நடக்கும் ஊரிலேயே போடலாம். வெறும் பாசிங் ஆஃப் என்றால் எதிராளி இருக்கும் ஊருக்கோ அவர் சரக்கு விற்கும் ஊருக்கோ போக வேண்டும். ஆன்லைன் விற்பனைத் தளங்களில் புகார் கொடுக்கும்போதும் பதிவெண்ணைத்தான் முதலில் கேட்கிறார்கள். தனிநபரும் சிறு தொழிலும் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டி இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பாட்டிலின் வடிவம் போன்றவற்றுக்கு டிசைன் பதிவு தனியாக இருக்கிறது, ஆனால் சரக்கு சந்தைக்கு வருமுன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஆறு வருடம் விற்ற கவருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. கவரின் படத்துக்குக் காப்புரிமை உண்டு. அதிலும் யார் வரைந்தது என்ற சிக்கல் வரும். வெளியாள் ஒருவரிடம் கூலி கொடுத்து வரைந்து வாங்கியிருந்தால், உரிமையை மாற்றித் தந்ததாக அவர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். பணம் கொடுத்த ரசீது மட்டும் அதற்கு ஈடாகாது. வழக்கு வந்தபிறகு அந்த ஓவியரைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியில் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் பணம் கிடைக்காது. கேட்பரீஸின் ஜெம்ஸ் மிட்டாயைப் போல ‘ஜேம்ஸ் பாண்ட்’ என்ற பெயரில் உறை போட்டவருக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் இடைக்காலத் தடை கொடுத்தது. 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டோடு இறுதித் தீர்ப்பு வந்தது 2022-இல். திருநெல்வேலிக் குடும்பம் எதிர்பார்க்க வேண்டியது எதிராளி கவரை மாற்றுவதைத்தான். தடை கிடைத்த பிறகோ நல்ல நோட்டீஸுக்குப் பிறகோ பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். அப்போது எழுதும் ஒப்பந்தத்தில்தான் கவனம் வேண்டும்.

“இனி இப்படிச் செய்ய மாட்டேன்” என்ற கடிதம் எதற்கும் உதவாது. எந்தத் தோற்றத்தைக் கைவிடுகிறார் என்பதற்கு இரண்டு கவர்களின் வண்ணப் படமும், புதிதாகப் போடப்போகும் கவரின் படமும் ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். கையிருப்பை விற்க அவகாசம் கொடுத்தால், எத்தனை கவர், எந்தத் தேதிவரை என்று எழுதியிருக்க வேண்டும். அச்சு சிலிண்டர்களையும் மறந்துவிடக் கூடாது. இந்த மாதிரி பிளாஸ்டிக் கவரை மொத்தமாக அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்குவார்கள், அவை அச்சகத்திலேயே இருக்கும். கவரை எரித்துவிட்டு சிலிண்டரை விட்டுவைத்தால் அடுத்த தீபாவளிக்கு அதே கவர் வேறு பெயரில் வரும். சிலிண்டர்களை அழித்ததாக அச்சகத்தின் கடிதம் வாங்க வேண்டும். அப்படி விசாரிக்கும்போது, இரண்டு கவரும் ஒரே அச்சகத்தில்தான் அடித்தவை என்று தெரியவருவதும் உண்டு. ஆகையால் தன் அச்சகத்தோடு, இந்த டிசைனையோ இதன் சாயலையோ வேறு யாருக்கும் அடித்துத் தரமாட்டேன் என்று ஒரு பக்க ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நல்லது.

ஒப்பந்தத்தைக் கைகளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன்படியே தீர்ப்பாணை வாங்கிவிட வேண்டும். அப்படி வாங்கியிருந்தால், கவர் மறுபடி கடைக்கு வரும்போது புதிய வழக்குத் தேவைப்படாது. அந்த ஆணையை நிறைவேற்றக் கோரும் மனுவும், அன்று வாங்கிய புதிய பில்லும் போதும்.