அந்த அரை மணி நேரம் யாருடையது?

ஆறு பேருக்கு டீம் லீடாக இருப்பவர் ஒவ்வொருவருடனும் வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசினால் மூன்று மணி நேரம் போய்விடும். “தினமும்தான் பேசுகிறோமே, இது வேறு எதற்கு?” என்று தோன்றும். ஆனால் தினமும் நடப்பது நாலு பேர் முன்னால் நடக்கும் பேச்சு. தனக்கு எங்கே இடிக்கிறது என்பதை அங்கே யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ், 1983-ல் வந்த ‘ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்’ நூலில் இந்த ‘ஒன் டு ஒன்’ சந்திப்பை விரிவாக விளக்கினார். இது மேலதிகாரியின் கூட்டம் அல்ல, அவருக்குக் கீழே வேலை செய்பவரின் கூட்டம் என்பது அவர் கட்சி. என்ன பேசுவது என்பதையும் அவர்தான் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

இதற்கு ஆளுக்கு ஒரு கூகுள் டாக் போதும். இருவர் மட்டுமே திறக்கும்படி வைத்து, புதிய தேதியை மேலே சேர்த்துக்கொண்டே போகலாம். தேதிக்குக் கீழே மூன்று தலைப்புகள்: அவர் பேச நினைப்பது, மேனேஜர் பேச நினைப்பது, முடிவானது. வாரத்தின் நடுவே ஏதாவது தோன்றினால் அப்போதே ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒரு பெண் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: “நைட் ஷிப்ட் ரிப்போர்ட் லேட்டாக வருகிறது.” பார்த்தால் சின்ன விஷயம். “அது வரும் வரை என்ன செய்கிறீர்கள்?” என்று மேனேஜர் கேட்கும்போதுதான் கதை வெளியே வருகிறது. இரவில் புகார் சொன்னவர்களிடமே காலையில் மறுபடி விவரம் கேட்டு, தினமும் திட்டு வாங்குகிறார். முடிவானது என்ற தலைப்பின் கீழ், “நைட் ஷிப்ட் லீடிடம் பேசுவது: மேனேஜர், வெள்ளிக்குள்” என்று பதிவாகிறது.

அடுத்த வாரம் பேச்சு அந்த வரியிலிருந்தே தொடங்க வேண்டும். அது மூன்று வாரம் அப்படியே கிடந்தால் அவர் எழுதுவதை நிறுத்திவிடுவார். அவருடைய தலைப்பு காலியாக இருந்தால் குறையே இல்லை என்று மகிழ வேண்டாம். சொல்லிப் பயனில்லை என்று முடிவு கட்டியிருக்கலாம்.

இன்னொரு சறுக்கல், சந்திப்பு முழுவதும் ‘எது முடிந்தது, எது பாக்கி’ என்ற கணக்கிலேயே கரைந்துபோவது. அதை முன்கூட்டியே எழுதிப் படித்துக்கொள்ளலாம். மனத்தில் உள்ள பெரிய விஷயம் பெரும்பாலும் எழுந்து போகும் நேரத்தில்தான் வெளியே வரும் என்று குரோவும் எச்சரிக்கிறார். அதனால் கடைசிப் பத்து நிமிடத்தைக் காலியாக விடுவது நல்லது.

உடல்நிலை, குடும்பப் பிரச்சினை போன்றவற்றை டாக்கில் ஏற்றக் கூடாது. அலுவலகக் கணக்கில் உள்ளதை நிர்வாகம் பார்க்க முடியும். வேலைக்குப் புதியவருக்கு வாரம் ஒருமுறை, கைதேர்ந்தவருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போதும். அவசர வேலை வந்தால் நாளை மாற்றலாம், ரத்து மட்டும் செய்யாதீர்கள்.