கன்னடம் பேசத் தெரியும், படிக்க?

கர்நாடகத்தில் பத்து, இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கும் தமிழர்களில் கன்னடம் பேசத் தெரியாதவர் குறைவு. மார்க்கெட்டில் பேரம் பேசுவார்கள். பஸ் கண்டக்டரோடு வாதாடுவார்கள். மேஸ்திரிக்கும் மேனேஜருக்கும் பதில் சொல்லுவார்கள். ஆனால் ஒரு கன்னட நோட்டீஸைக் கையில் கொடுத்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். பிள்ளை வீட்டில் இல்லாத நேரத்தில் அந்த நோட்டீஸ் அலமாரி மேல் போய்விடும்.

இவர்களில் எழுத்தைக் கற்றுக்கொள்ள முயன்றவர்கள் ஏராளம். ஒரு மாதத்தில் அட்சரங்களை மனப்பாடம் செய்துவிட்டு, நேரே தினசரிப் பத்திரிகையை எடுத்து எழுத்துக்கூட்டத் தொடங்குவார்கள். அரைப் பத்தியைத் தாண்டுவதற்குள் அரை மணி போய்விடும். ஒரு வாரத்தில் அந்த முயற்சி நின்றுவிடும். காரணம் புத்திக் குறைவு அல்ல. இரண்டு விதமாகப் படிக்க வேண்டியதை ஒரே விதமாகப் படித்ததுதான் காரணம்.

பழைய பள்ளிக்கூடப் பாகுபாடு

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இந்த இரண்டு விதமும் புதிதல்ல. ஆங்கில வகுப்பில் ‘டீடெய்ல்டு’ என்று ஒரு பகுதி, ‘நான்-டீடெய்ல்டு’ என்று ஒரு பகுதி இருந்தது. முதலாவதை வரி வரியாக, சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்க வேண்டும். இரண்டாவது கதைப் புத்தகம்; மளமளவென்று படித்துப் போக வேண்டும். பல பள்ளிகளில் கதைப் புத்தகத்தையும் வாத்தியார் வரி வரியாகவே நடத்தியதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மாணவர்களுக்கு விளங்காமலே போயிற்று.

இந்தப் பாகுபாட்டை மொழி கற்பிக்கும் துறையில் நிலைநாட்டியவர்களில் ஒருவர் ஹரால்டு பாமர் என்ற ஆங்கிலேயர். சிறு பகுதியை நுணுகிப் படிப்பது ஒன்று, புத்தகத்துக்குப் பின் புத்தகமாக ஓடிப் படிப்பது மற்றொன்று என்று முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி அவர் எழுதினார். அதே காலத்தில் டாக்காவில் கல்வித்துறையில் பணிபுரிந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதை ஆராய்ந்தார். பாடப் புத்தகங்களில் புதுச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதும், வந்த சொல் திரும்ப வராததும்தான் குறை என்று கண்டார். அபூர்வமான சொற்களை நீக்கி, புதுச் சொற்களைக் குறைவாகவும் மீண்டும் மீண்டும் வரும்படியும் அமைத்து வாசகப் புத்தகங்களை உண்டாக்கினார்.

கன்னடப் பத்திரிகையை எடுத்த எடுப்பில் படிக்க முயலும் தமிழரின் திணறலும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

ஒரு வரி, ஒரு நாள்

பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் நேரக் குறிப்பாளராக இருக்கும் ஒரு தமிழரை வைத்துக்கொள்வோம். எழுத்துகள் தெரியும். வாடகை வீட்டின் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டிருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதினால் அதன் வாசகம் இப்படி இருக்கும்:

“ஈ திங்கள பில்லின ஹணவன்னு 15னே தாரீகினொளகெ பாவதிஸதித்தல்லி நீரின சம்பர்க்கவன்னு கடிதகொளிஸலாகுவுது.”

அவசரமாகப் படிக்கும் தமிழர் கண்ணுக்குப் பில், 15-ஆம் தேதி, நீர் ஆகியவை தெரியும். கடைசியில் ‘கடித’ என்று இருப்பதால், தண்ணீர் விஷயமாக ஏதோ கடிதம் வரப்போகிறது என்று நினைத்துவிடவும் கூடும். உண்மையில் கன்னடத்தில் ‘கடித’ என்றால் வெட்டு, துண்டிப்பு. “இந்த மாதப் பில் பணத்தை 15-ஆம் தேதிக்குள் செலுத்தாவிட்டால் தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்படும்” என்பதே நோட்டீஸின் பொருள்.

இப்படிப்பட்ட வரியை நுணுகிப் படிக்க வேண்டும். அதற்கு நான்கு படிகள் போதும்.

முதலில் வாய்விட்டுப் படிப்பது. எழுத்தில் உள்ள இடறல்கள் அப்போது வெளிப்படும். ‘சம்பர்க்க’ என்ற சொல்லில் ‘ம்’ என்பது ஒரு சிறு வட்டமாக இருக்கும். ‘ர்’ என்ற ஓசைக்குரிய குறியோ, உச்சரிப்பில் முன்னால் வந்தாலும் எழுத்தில் அடுத்த அட்சரத்துக்குப் பின்னால் நிற்கும். தமிழில் புள்ளி வைத்துப் பக்கத்தில் எழுதும் இரட்டை எழுத்து, கன்னடத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கும். ‘ப’வும் ‘வ’வும் ஏறக்குறைய ஒரே உருவம். இவற்றைக் கண் பழகும் வரை மெதுவாகத்தான் போக வேண்டும்.

இரண்டாவது, விகுதியைப் பிரிப்பது. ‘ஹணவன்னு’ என்பதில் ‘அன்னு’ நம் ‘ஐ’ வேற்றுமை. ‘ஒளகெ’ என்பது ‘உள்ளே’. ‘அலாகுவுது’ என்று முடிந்தால் ‘படும்’ என்று பொருள். ‘அலாகிதெ’ என்று முடிந்தால் ‘பட்டிருக்கிறது’. முதலாவது எச்சரிக்கை, இரண்டாவதைக் கண்டால் குழாய் ஏற்கனவே மூடப்பட்டாயிற்று என்று அர்த்தம். எல்லாவற்றையும் விட முக்கியமானது ‘பாவதிஸதித்தல்லி’ என்ற சொல்லின் நடுவில் ஒளிந்திருக்கும் ‘த’. அதுதான் எதிர்மறை. அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டு ‘பாவதிஸித்தல்லி’ என்று படித்தால், ‘செலுத்தியிருந்தால்’ என்று பொருள் தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, தமிழோடு உறவு பார்ப்பது. பணம் அங்கே ‘ஹண’. பால் ‘ஹாலு’, பத்து ‘ஹத்து’, புலி ‘ஹுலி’, பெயர் ‘ஹெசரு’. சொல்லின் முதலில் உள்ள நம் ‘ப’ பல இடங்களில் கன்னடத்தில் ‘ஹ’ ஆகியிருக்கிறது. அதுபோல நம் ‘வ’ பல இடங்களில் ‘பம்பரம்’ என்பதன் இரண்டாவது ‘ப’ போல ஒலிக்கும்: விலை ‘பெலெ’, வேர் ‘பேரு’, வாழை ‘பாளெ’. மாதத்துக்குத் ‘திங்கள்’ என்ற நம் பழைய சொல்லே அங்கே புழக்கத்தில் இருக்கிறது. இந்த விதிகள் பிடிபட்டால் அகராதி பார்க்கும் வேலை பெருமளவு குறையும். ஆனால் உறவு பார்ப்பதில் ஏமாற்றமும் உண்டு. ‘கடித’ ஓர் உதாரணம். ‘கல்யாண’ என்றால் அரசாங்க எழுத்தில் பெரும்பாலும் நலன், திருமணம் அல்ல. ‘அனுமான’ என்றால் சந்தேகம். ஆகையால் உறவுச் சொல் என்று தோன்றுவதை வரியின் மற்றப் பகுதியோடு பொருத்திப் பார்க்காமல் ஏற்கக்கூடாது.

நான்காவது, மறுநாள் அந்த வரியைக் குறிப்பு எதுவும் இல்லாமல் மீண்டும் படிப்பது. தடங்கல் இல்லாமல் படிக்கவும் பொருள் சொல்லவும் முடிந்தால் அந்த வரி சொந்தமாயிற்று. பொருள் நினைவிருந்து எழுத்து தடுக்கினால், தாம் எழுதிய தமிழ்க் குறிப்பைத்தான் அவர் படித்திருக்கிறார், கன்னடத்தை அல்ல.

இந்த வேலைக்கு நாளைக்குக் கால் மணி நேரம், ஓரிரண்டு வரிகள் போதும். அதற்கு மேல் போனால் களைப்புதான் மிஞ்சும்.

கதை ஓட வேண்டும்

இத்தோடு நிறுத்திக்கொள்பவர் நோட்டீஸைப் புரிந்துகொள்வார். ஆனால் என்றைக்கும் வேகம் வராது. நீண்ட சொல்லின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். சொல்லை முழு உருவமாகக் கண் அடையாளம் காண, அதே சொல்லைப் பல தடவை சந்தித்திருக்க வேண்டும். நோட்டீஸில் அந்த வாய்ப்புக் கிடையாது. ‘ஹேளித’ (சொன்னான்), ‘ஹோத’ (போனான்), ‘நோடித’ (பார்த்தான்), ‘மாடித’ (செய்தான்) போன்ற அன்றாட வினைகள் கதையில்தான் திரும்பத் திரும்ப வரும். பேச்சில் ஏற்கனவே பழகிய சொற்கள் இவை. கண்ணுக்கு மட்டும் பழக வேண்டும்.

இதற்கு ஏற்றவை குழந்தைகளுக்கான படக்கதைகள். வெட்கப்பட வேண்டியதில்லை. பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையதளத்தில் கன்னடக் கதைகள் எளிமை வாரியாக நான்கு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன, செல்போனிலேயே படிக்கலாம். பல கதைகளுக்குத் தமிழ் வடிவமும் இருப்பதால், கன்னடத்தில் முடித்த பிறகு பொருளைச் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும். பழைய புத்தகக் கடைகளில் ஆரம்பப் பள்ளிக் கன்னடப் பாடநூல்களும் அகப்படும்.

எந்தப் புத்தகம் தமக்கு ஏற்றது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நூறு சொற்களைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலக் கதைகளை வைத்து ஹூ, நேஷன் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உதவியின்றிப் படித்து நன்றாகப் புரிந்துகொள்ளப் பெரும்பாலோருக்கு நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. கன்னடத்துக்கும் இதை ஒரு தோராயமான அளவாகக் கொள்ளலாம். தெரியாத சொல் இரண்டு, மூன்று என்றால் படிக்கலாம். பத்து என்றால் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நிலை கீழே இறங்க வேண்டும்.

ஓடிப் படிக்கும்போது அகராதியைத் தொடக்கூடாது. தெரியாத சொல்லின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போக வேண்டும். கதை முடிந்ததும், இரண்டு மூன்று தடவை வந்த சொற்களுக்கு மட்டும் பொருள் பார்த்தால் போதும். ஒரே ஒரு தடவை வந்த சொல்லை விட்டுவிடலாம். அவசியமான சொல் அடுத்த கதையில் தானே வந்து நிற்கும். முடிவில் கதையை நாலு வாக்கியத்தில் தமிழில் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் கண் ஓடியிருக்கிறது, கருத்து ஓடவில்லை.

இரண்டையும் இணைப்பது

இரண்டு படிப்பையும் தனித்தனியே விட்டுவிட்டால் பலன் பாதிதான். வார நாட்களில் வேலைக்குப் போகும் முன் கால் மணி நேரம் ஒரு நோட்டீஸ், ஒரு ரசீது, பத்திரிகைத் தலைப்பு இவற்றில் ஏதாவது ஒன்றை நுணுகிப் படிக்கலாம். இரவில் அரை மணி நேரம் கதை. கதைக்குத்தான் நேரம் அதிகம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரம் ஓடிப் படித்த கதைகளில் பிடித்த ஒன்றிலிருந்து ஐந்தாறு வரியை எடுத்து, நோட்டீஸைப் பிரித்ததுபோலப் பிரிக்க வேண்டும். கதை ஏற்கனவே தெரிந்திருப்பதால் பொருளுக்காகத் தடுமாற வேண்டியதில்லை. கவனம் முழுவதும் விகுதிகளிலும் எழுத்திலும் நிற்கும். பிறகு அதே கதையை முதலிலிருந்து ஒரே மூச்சில் மறுபடி படித்தால், முதல் தடவை தாவிச் சென்ற எதிர்மறைகளும் வேற்றுமைகளும் இப்போது கண்ணில் படும்.

இதற்கும் எல்லை உண்டு. கதைக் கன்னடம் படிக்க வந்துவிட்டது என்பதற்காக வீட்டுப் பத்திரம், கோர்ட் சம்மன் போன்றவற்றில் தாமே படித்துக் கையெழுத்துப் போடக்கூடாது. அவற்றின் நடை வேறு. விவரம் தெரிந்தவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஆனால் அவர் எந்த வரியைப் படிக்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பதைக் கூட இருந்து கவனிக்கவாவது முடியும்.

கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்பட்டு, ‘சிக்கவீர ராஜேந்திர’ நாவலுக்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருது பெற்ற மாஸ்தி வெங்கடேச அய்யங்கார், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். படக்கதையில் தொடங்குபவர் மாஸ்தியின் சிறுகதைக்குப் போய்ச் சேர ஆண்டுகள் பிடிக்கலாம். சுவரில் ஒட்டிய நோட்டீஸுக்கு அவ்வளவு காலம் வேண்டாம்.