நான்கு பைட்டுகளில் ஓர் எண்

ஒரு கணினி மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. அச்செய்தி எங்கே முடிகிறது என்பதைப் பெறும் கணினி எப்படி அறியும்? பல நெறிமுறைகளில் செய்தியின் நீளம் முதல் நான்கு பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்த பிறகே கணினி எஞ்சியதைப் பெறத் தொடங்கும்.

ஒரு பைட்டு 0 முதல் 255 வரையிலான எண்ணை மட்டுமே தாங்கும். செய்தியின் நீளம் 1000 பைட்டுகள் என்று கொள்வோம். 1000ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 232. ஆகவே, அந்த எண் 0, 0, 3, 232 என்ற நான்கு பைட்டுகளாகிறது. நாம் எழுதும் எண்களில் ஒவ்வோர் இடமும் அடுத்ததைப்போல் பத்து மடங்கு. இங்கே 256 மடங்கு. மீண்டும் எண்ணாக்க 3ஐ 256ஆல் பெருக்கி 232ஐக் கூட்டினால் போதும்.

சிக்கல் வரிசையில்தான் இருக்கிறது. பெரிய இடத்தை முதலில் வைத்து 0, 0, 3, 232 என்று அனுப்புவது பிக் எண்டியன் முறை. சிறிய இடத்தை முதலில் வைத்து 232, 3, 0, 0 என்று அனுப்புவது லிட்டில் எண்டியன் முறை. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டையிடும் மக்களைப் பற்றி ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் 'கலிவரின் பயணங்கள்' நூலில் எழுதினார். அக்கதையிலிருந்தே டேனி கோஹன் 1980இல் இப்பெயர்களை எடுத்தாண்டார்.

இரண்டு முறைகளுமே சரியானவைதாம். ஆனால், ஒரு முறையில் அனுப்பியதை மறுமுறையில் படித்தால் 1000 என்பது 3,892,510,720 ஆகிவிடும். வராத கோடிக்கணக்கான பைட்டுகளுக்காக நிரல் காத்துக்கொண்டே இருக்கும். பிழைச் செய்திகூடத் தோன்றாமல் போகலாம். சிறிய எண் வரவேண்டிய இடத்தில் இப்படி ஒரு பேரெண் வந்தால், முதலில் வரிசையைத்தான் ஐயுற வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? இணையத்தின் அடிப்படை நெறிமுறைகள் பிக் எண்டியனையே பின்பற்றுகின்றன. அதனால் புதிய நெறிமுறைக்கும் அதுவே பொதுவாக ஏற்றது. இன்றைய மேசைக் கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் லிட்டில் எண்டியன் முறையில் இயங்குவதால், அதைத் தேர்ந்தெடுப்போரும் உண்டு. எதுவாயினும், நெறிமுறை ஆவணத்தில் அதை எழுதிவைக்க வேண்டும். கணினியின் இயல்புக்கு விட்டுவிடக் கூடாது. பைத்தான் மொழியில் வரிசையை இவ்வாறு வெளிப்படையாகக் குறிப்பிடலாம்:

```
b = n.to_bytes(4, "big")
n = int.from_bytes(b, "big")
```

அனுப்புவதையும் பெறுவதையும் ஒரே கணினியில் சோதித்தால் இப்பிழை வெளிப்படாமல் போகலாம். இரு பக்கமும் ஒரே தவற்றைச் செய்தால் விடை சரியாகவே வரும்! 0ஐ அனுப்பிச் சோதிப்பதிலும் பயனில்லை. அதைத் திருப்பிப் படித்தாலும் 0தான். 16,909,060 நல்ல சோதனை எண். அதன் பைட்டுகள் 1, 2, 3, 4. வரிசை மாறினால் 67,305,985 என்று வந்து நிற்கும்.