செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கன்சோல் விளையாட்டு

பிளேஸ்டேஷன் 5 போன்ற கன்சோலைச் செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து விளையாடும்போது, ஆட்டத்திற்கு ஆகும் டேட்டா குறைவுதான். ஆட்டக்காரரின் அசைவு, குறி, நிலை ஆகியவை மட்டுமே போய்வருவதால், பெரும்பாலான ஆட்டங்களுக்கு மணிக்கு 100 எம்பி அளவே ஆகும். டேட்டாவை விழுங்குவது அப்டேட். 30 ஜிபி அப்டேட் ஒன்றுக்கு, நாளுக்கு 1.5 ஜிபி தரும் பேக்கில் 20 நாள் டேட்டா முழுவதும் போய்விடும். எனவே முதலில் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் முகவரி. செல்போன் நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. அதற்குக் கீழே செல்போனும் கன்சோலுக்குத் தனியாக ஓர் உள்முகவரி கொடுக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்புக்குக் கன்சோலை எட்டும் வழி தெரியாது. செல்போனில் போர்ட் திறந்துவிடவும் வழியில்லை. கன்சோலின் இணையச் சோதனையில் ‘NAT Type 3’ என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. நிறுவனத்தின் சர்வர் வழியே நடக்கும் ஆட்டங்கள் அப்போதும் ஓடும். ஆட்டக்காரர்கள் நேரடியாக இணையும் ஆட்டங்களிலும் குரல் அரட்டையிலும்தான் தடங்கல் வரும்.

தாமதம் 4ஜியில் 40 முதல் 80 மில்லிசெகண்ட் இருந்தால் நல்லதே. ஆனால் டவரில் நெரிசல் கூடினால் அது திடீரென 200-ஐத் தாண்டும். எதிராளி இடம் தாவுவதுபோல் தெரிவது அதனால்தான். வேகப் பரிசோதனையில் வரும் பெரிய எண் இதைக் காட்டாது. கார் பந்தயம், சண்டை ஆட்டங்களுக்கு ஹாட்ஸ்பாட் ஏற்றதல்ல. முறைவைத்து ஆடும் ஆட்டங்களுக்கு அது தாராளமாகப் போதும்.